ஜெர்மனி குரூப் கம்பெனிக்கு விற்கும் விலை: மார்க்கப் 10% போதுமா?

அண்ணன்மார், அக்காமார், ஒரு சந்தேகம். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறேன். ஒரே சரக்கை ஜெர்மனியில் உள்ள எங்கள் குரூப் கம்பெனிக்கும் விற்கிறோம், உள்ளூர் பார்ட்டிகளுக்கும் விற்கிறோம்.

உற்பத்திச் செலவு கிலோ 400 ரூபாய். குரூப்புக்கு அதன்மேல் 10% போட்டு 440. வெளியாளுக்கு 480, அதாவது 20%. (ஹெட் ஆபீஸ் மெயிலில் இதையே ‘மார்ஜின்’ என்கிறார்கள். விற்பனை விலை மேல் பார்த்தால் அது 16.67% தானே!)

ஆனால் உள்ளூர் பார்ட்டிக்கு லாரி வாடகை நம்முடையது, கிலோவுக்கு 15 ரூபாய். 60 நாள் கடன் வேறு. 12% வட்டிக்கு ஏறக்குறைய 9 ரூபாய். ஜெர்மனிக்காரர் முன்பணம் கட்டி, கேட்டிலேயே சரக்கை எடுத்துக்கொள்கிறார். அந்த 24 ரூபாயைக் கழித்தால் 456, மார்க்கப் 14%.

இங்கேதான் உதைக்கிறது. வித்தியாசம் 16 ரூபாய், 440-இல் அது 3.6%. குரூப்புக்கு விற்கும் விலை வெளியாள் விலையோடு ஒத்துப்போக வேண்டும் என்கிற வருமான வரிச் சட்டம் பொறுத்துக்கொள்வது 3% வரைதான். அதைத் தாண்டினால் முழு 16 ரூபாயையும் வருமானத்தில் கூட்டிவிடுவார்கள். 3% போக மிச்சத்துக்கு மட்டும் என்ற பேச்சே இல்லை.

குரூப் ஒரே தடவையில் 2 டன் எடுக்கிறது, உள்ளூரில் 100 கிலோதான். இந்த அளவுத் தள்ளுபடியையும் கழிக்கலாமா? வெளியாள் யாருக்கும் 2 டன் விற்ற பில் எங்களிடம் இல்லை. பழைய கொட்டேஷனை ஆதாரமாகக் காட்டினால் அதிகாரி ஏற்பாரா? 3சிஇபி படிவத்தில் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் “பில் இருந்தால் பேசு” என்கிறார். இதே சிக்கலைக் கையாண்டவர்கள் சொல்லுங்களேன்.