கலைச்சொல் வேண்டும்: கொணர்வுக்கு முந்தைய அந்த ஒரு துடிப்புக்கு

லாஸ்பேட்டையிலிருந்து, பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்காக வெரிலாக்கில் ஒரு குட்டி எட்டு பிட் செயலி எழுதி, தமிழில் குறிப்பும் தயாரித்து வருகிறேன். ஒவ்வோர் ஆணையும் ஒரே பைட். மேல் நான்கு பிட் என்ன வேலை என்று சொல்லும், கீழ் நான்கு பிட் எண்ணோ முகவரியோ. கொணர்வு, குறிவிலக்கம், நிறைவேற்றம் என மூன்று நிலைகள், நிலைக்கு ஒரு துடிப்பு. இப்போது நான்காவதாக ஒரு நிலை சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

மாணவர்கள் ஓட்டிய நிரல் இது:

```
0: LDI 0
1: ADI 1
2: OUT
3: JMP 1
4: NOP
```

எல்இடி வரிசை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். சிமுலேஷனில் எண்ணியது. எஃப்பிஜிஏ போர்டில் 1 வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. சிமுலேஷனில் நினைவகம் முகவரி கொடுத்தவுடனே பதில் தரும்படி எழுதப்பட்டிருந்தது. போர்டில் இருப்பது பிளாக் ரேம். கொணர வேண்டிய ஆணையின் முகவரி pc-யில் இருக்கும்; அதற்கான பதிலைப் பிளாக் ரேம் அடுத்த துடிப்பில்தான் q-வில் தரும்:

```
always @(posedge clk) q <= mem[pc];
```

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அக்கா, இது டைமிங் பிரச்சினைதான். கடிகாரத்தை இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் JMP-க்குப் பிறகு ஒரு NOP வைத்தால் சரியாகிவிடும். பெயர் ‘காத்திருப்பு’ என்றே இருக்கட்டுமே.

லாஸ்பேட்டையிலிருந்து:

தம்பி, தாமதம் என்று சொன்னது சரி. ஆனால் அது நானோ நொடிக் கணக்கில் வரும் தாமதம் இல்லை, முழுசாக ஒரு துடிப்பு. நொடிக்கு ஒரு துடிப்பு என்று ஓட்டினாலும் அதே ஒரு துடிப்பு பின்தங்கும்.

NOP ஏற்கெனவே 4-இல் இருக்கிறது, பாருங்கள். வரிசையாகப் போகும்போது கோளாறே தெரியாது. கொணர்வில் pc ஒன்று கூடுகிறது. குறிவிலக்கம் முடிவதற்குள் அடுத்த ஆணை q-வுக்கு வந்துவிடும். JMP மட்டும் நிறைவேற்றத்தின் கடைசியில் pc-யை மாற்றுகிறது. உடனே கொணர்வு வந்து q-வை எடுத்தால், அங்கே இருப்பது பழைய முகவரியின் ஆணை, அதாவது 4-இல் உள்ள NOP. அதற்குள் pc 2 ஆகிவிடும். ஆக 1-இல் உள்ள ADI ஓடவே ஓடாது; OUT மறுபடி மறுபடி 1-ஐத்தான் காட்டும். JMP 0 என்று எழுதினால் எண்ணும், உண்மைதான். ஆனால் அப்புறம் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு முகவரி குறைத்து எழுத வேண்டும். அதை மாணவர்களுக்குச் சொல்லித்தர மனம் வரவில்லை.

அதனால் கொணர்வுக்கு முன்னால் ஒரு நிலை. ரீசெட் ஆனதும் அதிலிருந்தே தொடக்கம். ஆணைக்கு மூன்று துடிப்பு நான்காகிறது.

வில்லியனூரிலிருந்து:

நாங்கள் செயலிகளைத் தமிழாக்கும்போது, சர்வரிலிருந்து தரவு வருவதற்குப் ‘பெறுதல்’ என்றே போடுகிறோம், கைபேசியில் நன்றாகப் புரிகிறது. உங்கள் செயலி எந்த ஆண்ட்ராய்டுக்கு?

லாஸ்பேட்டையிலிருந்து:

இது கைபேசிச் செயலி இல்லைங்க, அதற்குள்ளே ஓடும் சில்லு. இந்தக் குழப்பம் இனியும் வரும். குறிப்பில் ‘நுண்செயலி’ என்று மாற்றிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, 8085-ஐ நினைத்துப் பாருங்கள். அதில் ஓர் ஆணையைக் கொணர வழக்கமாக நான்கு துடிப்பு. முதல் துடிப்பில் முகவரி வெளியே போகும், இரண்டாவதில் படிக்கும் சமிக்ஞை இறங்கும், மூன்றாவதில் பைட் உள்ளே வரும், நான்காவதில் அது என்னவென்று பிரித்தறியும். கொணர்வு என்றைக்குமே ஒற்றைச் செயலாக இருந்ததில்லை. போய்க் கேட்பதும் வாங்கி வருவதும் சேர்ந்ததுதான் கொணர்தல்.

எனவே கொணர்வு என்பது முழுமைக்கும் பெயராக இருக்கட்டும். உள்ளே முதல் துடிப்பு ‘கேட்பு’, இரண்டாவது ‘ஏற்பு’. ‘காத்திருப்பு’ வேண்டாம். நினைவகம் தாமதமாகி நுண்செயலியை நிறுத்திவைக்கும்போது 8085-இல் கூடுதலாகச் சில துடிப்புகள் நுழையும். அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே முகவரி போய்ச் சேருகிறது, வேலை நடக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

கேட்பு, ஏற்பு நன்றாக இருக்கிறது ஐயா. காத்திருப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். இந்த நிலை இல்லாமலும் செய்யலாமே? pc-க்குப் பதிலாக, pc அடுத்து என்ன ஆகப்போகிறதோ அந்த மதிப்பையே நினைவகத்துக்கு முகவரியாகக் கொடுத்தால், JMP நிறைவேறும் துடிப்பிலேயே கேட்டு முடிந்துவிடும். மூன்று துடிப்பே போதும். அப்போது கேட்பு என்ற நிலை எங்கே?

லாஸ்பேட்டையிலிருந்து:

அப்படியும் செய்யலாம், தம்பி, சரியான வழிதான். முகவரிக்கு முன்னால் ஒரு தேர்வி கூடும், அவ்வளவே. ஆனால் அப்போது கேட்பு நிறைவேற்றத்துக்குள்ளேயே நடக்கிறது. கேட்பு என்பது ஒரு நிலையின் பெயரா, எந்த நிலையிலும் நடக்கக்கூடிய ஒரு செயலின் பெயரா? வெரிலாக்கில் நிலைப்பெயராக S_REQ என்று போட்டிருக்கிறேன். நான்கு நிலை வடிவத்துக்குக் கேட்பு, ஏற்பு என்றே குறிப்பை அச்சுக்குக் கொடுக்கிறேன். மூன்று நிலை வடிவத்துக்கு ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

செயலின் பெயர் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ‘ஏற்பு’ அப்படி இல்லை. அது ஆணைப் பதிவகம் நிரம்பும் அந்த ஒரு துடிப்போடு கட்டுண்டது. இரண்டையும் ஒரே வகைச் சொல்லாகப் பட்டியலில் சேர்க்கலாமா என்பதை மற்றவர்களும் சொல்லட்டும்.