விளையாட்டு இறங்காமல் நிற்கிறது: நிலுவையா, வரிசையா, முறையா?

செல்வி, திருமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். போன் சர்வீஸ் கடையில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். பிளே ஸ்டோரில் கேம் இறங்காமல் நிற்கிறது என்று வாரத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். சிலர் திரையில் Download pending என்று இருக்கிறது, சிலர் திரையில் Waiting for Wi-Fi என்று இருக்கிறது. நான் இரண்டுக்கும் 'காத்திருக்கிறது' என்றே எழுதிவிட்டேன். நேற்று அது தப்பு என்று தெரிந்தது.

ஒரு தம்பி வந்தான். கேம் சாயங்காலம் முழுக்க pending-லேயே நின்றதாம். ஸ்டோரில் மேலே வலது மூலையில் இருக்கும் அவன் படத்தைத் தொட்டு Manage apps & device-க்குள் போய்ப் பார்த்தேன். 14 ஆப்கள் தாமாகவே அப்டேட் ஆகக் கிளம்பியிருந்தன. முதலில் இருந்தது பாதியில் நகராமல் கிடந்தது, மற்றவை அதன் பின்னால் நின்றன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேமை மட்டும் தொட்டதும் இறங்கத் தொடங்கியது.

வீட்டுக்குப் போனவன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். இப்போது Waiting for Wi-Fi என்று வருகிறது, ஆனால் வைஃபை போட்டுத்தான் இருக்கிறேன் அக்கா என்றான். விசாரித்தால் அவன் அப்பா போனின் ஹாட்ஸ்பாட். இந்த இரண்டு நிலைக்கும் ஒரே சொல்லை எழுதினால் எதைச் சரிசெய்வது என்று எப்படித் தெரியும்? Pending-க்கு என்ன சொல்லலாம்?

பாண்டி, உசிலம்பட்டி

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் அக்கா. செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலில் Google Play Store-ஐத் திறந்து, Force stop கொடுத்து, Clear data போட்டால் போதும். எனக்கு எப்போதும் வேலை செய்திருக்கிறது. சொல் வேண்டுமென்றால் 'நிலுவையில்' என்று போடுங்கள். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்கிறோமே.

முத்துக்குமார், மதுரை

நான் கேம் எழுதுகிறவன், உள்ளிருந்து சொல்கிறேன். பாண்டி சொன்னது பாதி சரி. ஸ்டோரை நிறுத்தித் தரவை அழித்தால் அதன் வரிசை கலைந்து புதிதாகத் தொடங்கும், அதனால் pending தீர்ந்துவிடும். ஆனால் ஆட்டோ அப்டேட் வேண்டாம் என்று நீங்கள் வைத்திருந்த தேர்வும் அதோடு போய்விடும். மறுபடி எல்லா ஆப்களும் வரிசையில் ஏறி நிற்கும். Cache-ஐ மட்டும் முதலில் அழித்துப் பாருங்கள்.

வைஃபைக்குக் காத்திருக்கும் கேமுக்கு இது எதுவும் உதவாது. பெரிய கேம்களின் படங்களும் ஒலிகளும் தனிப் பொதிகளாக இறங்கும். அந்தப் பொதியின் நிலையைச் சொல்ல கூகுள் பிளே எங்களுக்கு இரண்டு வேறு பெயர்கள் தருகிறது:

```
AssetPackStatus.PENDING
AssetPackStatus.WAITING_FOR_WIFI
```

முதலாவது, கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பொருள். இரண்டாவது, பொதி பெரியது, வைஃபை இல்லை, ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். 200 எம்பிக்கு மேல் போனால் பயனர் சரி என்று சொல்லாமல் சிம் டேட்டாவில் இறங்காது. ஆகவே செல்வி கேட்பது நியாயம். எழுதியவர்களே பிரித்து வைத்ததைத் தமிழில் நாம் ஒன்றாக்கக் கூடாது.

அந்தத் தம்பியின் ஹாட்ஸ்பாட் விஷயம்: ஆண்ட்ராய்டு போன் தரும் ஹாட்ஸ்பாட், நான் மீட்டர் ஓடுகிற இணைப்பு என்று அடுத்த போனிடம் சொல்லிவிடும். திரையில் வைஃபை குறி இருக்கும், ஆனால் பெரிய கேமை இறக்கும்போது சிம் டேட்டா போலவே நடத்தப்படலாம். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பெயருக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தொட்டு, Network usage-இல் Treat as unmetered என்று மாற்றச் சொல்லுங்கள். சில போன்களில் பெயர் கொஞ்சம் வேறாக இருக்கும். அப்பாவின் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள், கேம் ஒன்றே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.

ஜெயந்தி, திண்டுக்கல்

எனக்கும் இதே பிரச்சினைதான். மகன் கேமில் ஏதோ வாங்கினான், யுபிஐயில் பணம் போய்விட்டது, ஸ்டோரில் pending என்றே இருக்கிறது. Cache அழித்தும் போகவில்லை. என்ன செய்ய?

முத்துக்குமார், மதுரை

அம்மா, உங்களுடையது இறக்கத்தின் pending இல்லை, பணத்தின் pending. பணம் வந்து சேர்ந்ததாக ஸ்டோருக்கு உறுதி கிடைக்கும்வரை அப்படித்தான் காட்டும். அதற்குள் இரண்டாம் முறை பணம் கட்டிவிட வேண்டாம். ஆர்டர் விவரத்தில் நிலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, பணம் உண்மையில் போனதா, திரும்ப வந்ததா என்று பார்க்க வேண்டும்.

பாண்டி, நீங்கள் சொன்ன நிலுவை இங்கேதான் பொருந்துகிறது. நிலுவை என்றால் ஆளுக்கு முதலில் நினைவு வருவது பாக்கிப் பணம். கேம் இறக்கத்துக்கும் அதையே போட்டால், நான் காசு கட்டணுமா என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர், மேலூர்

பணி ஓய்வு பெற்றவன், கேம் எனக்குத் தெரியாது. ஆனால் செல்வி சொன்ன 14 ஆப்பின் கதை எங்கள் ஊர்க் கதை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் முறைப்பாசனம் வைப்பார்கள். குறித்த நாளுக்கு இந்தப் பக்கம், அடுத்து அந்தப் பக்கம். உள்ளூரிலும் ஒரு வயல் பாய்ந்த பிறகுதான் அடுத்த வயலுக்கு முறை. மேலே ஒருவர் மடையை அடைக்காமல் விட்டால், கீழே இருப்பவர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டியதுதான். வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் நிற்பது வேறு, தண்ணீர் இருந்தும் முறை வராமல் நிற்பது வேறு. இரண்டையும் யாரும் ஒரே சொல்லால் சொல்ல மாட்டோம்.

எனவே pending என்பதற்கு 'முறைக்கு நிற்கிறது' என்பது என் பரிந்துரை. பெயராக வேண்டுமானால் 'முறைநிலை'. மற்றது 'வைஃபைக்குக் காத்திருக்கிறது'. அங்கே எதற்காகக் காத்திருக்கிறது என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

பாண்டி, உசிலம்பட்டி

ஐயா சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கியது. மேல்மடைக்காரரை நிறுத்தினால் நம் முறை வரும், அதைத்தான் அக்கா செய்திருக்கிறார்கள். நான் இத்தனை நாள் கால்வாயையே உடைத்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முத்துக்குமார், மதுரை

ஐயா, பொருள் அருமை. எனக்கு ஒரு தயக்கம். 'மூன்று முறை முயன்றது' என்று அதே திரையில் வேறோர் இடத்தில் எழுதுவோம், 'கட்டண முறை' என்றும் எழுதுவோம். முறைநிலை என்று பார்க்கிறவர் ஏதோ ஒரு வகை என்று நினைக்கலாம். 'வரிசையில் உள்ளது' என்றால் சென்னைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் விளங்கும். ரேஷன் கடையில் நின்ற எவருக்கும் முன்னால் ஆள் இருக்கிறார் என்று புரியும்.

தமிழாசிரியர், மேலூர்

வரிசை என்பது நிற்கும் ஒழுங்கைச் சொல்கிறது. உங்களுக்கு உரியது இன்னும் வரவில்லை என்பதை முறைதான் சொல்கிறது. முறைநிலை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அது கொஞ்சம் விறைப்புதான். 'முறை வரவில்லை' என்ற தொடரை நான் விட மாட்டேன்.

செல்வி, திருமங்கலம்

சரி. இன்று சுவரில் இப்படி ஒட்டியிருக்கிறேன். 'Download pending: வரிசையில் உள்ளது, உங்கள் முறை இன்னும் வரவில்லை. முன்னால் இறங்கும் ஆப்களை நிறுத்துங்கள்.' அதன் கீழே, 'Waiting for Wi-Fi: வைஃபைக்குக் காத்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டா என்று பாருங்கள்.' பணம் pending-க்கு மட்டும் நிலுவை.

அந்தத் தம்பிக்கு ஹாட்ஸ்பாட்டை மாற்றிக் கொடுத்தேன், கேம் இறங்கிவிட்டது. ஆனால் சுவரில் இரண்டு வரி எழுத இடம் இருக்கிறது, கேமுக்குள் ஒரு பட்டைக்கு மேல் அந்த நீளம் ஏறாது. முத்துக்குமார் அண்ணே, உங்கள் கேமில் அதற்கு எத்தனை எழுத்து இடம் இருக்கிறது?

முத்துக்குமார், மதுரை

சின்னத் திரையில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் வெட்டிவிடுகிறது. 'வரிசையில்' அடங்கும், 'முறை வரவில்லை'யும் அடங்கும். அடுத்த சோதனைப் பதிப்பில் ஐயாவுடையதைப் போட்டு, இங்கே நாலு பேரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கிறேன்.