புதுப்பிப்பு: மூன்று சலுகையை ஒன்றாக்கினேன்

என் பழைய கேள்வி: "சிங்கப்பூரில் 64 கடைக்காரர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புகிறேன், மூன்று சலுகை போட்டும் இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், ஏன்?"

ஏப்ரல் 2 அன்று புது மடல் போனது, இதுவரை 9 பதில். கணக்கு எழுதித் தரும் அக்கா ஒருவர் சொன்னபடி இரண்டு சலுகையைத் தூக்கிவிட்டு, செய்தி, குறிப்பு, சலுகை மூன்றையும் ஒரே விஷயத்தில் கோத்தேன். செய்தி: மார்ச்சில் முடிந்த காலாண்டின் ஜிஎஸ்டி கணக்கை ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும். குறிப்பு: வரியோடு சேர்த்து 1,000 வெள்ளிக்கு மேல் போகாத விற்பனைக்கு எளிய வரி ரசீதே போதும். சலுகை: "உங்கள் ரசீதுகளைப் பையோடு கொடுங்கள், 120 வெள்ளிக்கு அடுக்கித் தருகிறோம், 15ஆம் தேதிக்குள் 'சரி' என்று பதில் போடுங்கள்." அவ்வளவுதான், பொத்தான்கூட இல்லை.

மின்னஞ்சலுக்கும் 'அழைக்காதீர்' பதிவேட்டைப் பார்க்கணும் என்று பயமுறுத்திய தம்பி பாதி சரி: அது தொலைபேசி எண்ணுக்குத்தான், ஆனால் வாட்ஸ்அப் விளம்பரமும் அதில் அடங்கும். மடலை எங்கே மலிவாக அச்சடிக்கலாம் என்று விளக்கிய அண்ணனுக்கும் நன்றி, இது மின்னஞ்சல் அண்ணே!

41 பேர் திறந்ததாகக் காட்டுகிறது, நான் நம்பவில்லை, மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு, ஐபோன் மெயிலோ ஆளே பார்க்காவிட்டாலும் படத்தை இறக்கிவிடும். இந்த 9 பதிலும் ஒற்றைச் சலுகையாலா, ஜிஎஸ்டி பயத்தாலா? மே மடலில் ஜிஎஸ்டி கெடு எதுவும் இல்லை, அப்போது பார்க்கலாம்.