நேர்முகம் அப்படியே வருகிறது, பக்கவாட்டு முகம் மட்டும் சிதைகிறது: பல கோணப் படங்களைக் கொடுத்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோட்டோவியம்

என் தங்கையின் முகத்தை, அவளுடைய சம்மதத்துடன், ஒரு படக்கதையின் நாயகிக்குப் பயன்படுத்தி வருகிறேன். கதையில் 24 கட்டங்கள் உள்ளன. அவற்றில் 7 கட்டங்களில் அவள் முழுப் பக்கவாட்டில் தெரிய வேண்டும். படம் உருவாக்கும் எஸ்டிஎக்ஸ்எல் மாடலுடன், புகைப்படத்திலுள்ள முகத்தை அதற்குக் கொண்டுசெல்லும் ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடி பிளஸ் வி2 சேர்த்து, நேராக எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தை ரெஃபரன்ஸாகக் கொடுத்துத் தொடங்கினேன். நேர்முகக் கட்டங்களைப் பார்த்த என் தாயார் உடனே "இது நம் சின்னவள்" என்றார். பக்கவாட்டுக் கட்டங்களைக் காட்டியபோது யார் என்று கேட்டார்.

என்ன தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளுடைய மூக்குத் தண்டில் சிறிய மேடு உண்டு. படத்தில் அது நேர்கோடாகிவிட்டது. மறுபுறத்துக் கண்ணின் இமைமயிர் மூக்குக்கு அப்பால் எட்டிப் பார்த்தது. காது கன்னத்தை நோக்கி நகர்ந்திருந்தது. உண்மையான பக்கவாட்டுப் புகைப்படத்தில் மூக்கு நுனியிலிருந்து காதுத்துளை வரையுள்ள தூரத்தை, புருவ மையத்திலிருந்து மோவாய் வரையுள்ள உயரத்தால் வகுத்தால் 1.05 வந்தது. உருவாக்கிய படத்தில் அது 0.85 தான். தலை முன்பின்னாக நசுக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

ஒரு கோணம் போதவில்லை என்று எண்ணி, நேர், இடம் 45 பாகை, வலம் 45, இடம் 90, வலம் 90 என ஐந்து படங்கள் எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் செலுத்தினேன். பல படங்களை எப்படி இணைப்பது என்று குறிக்கும் `combine_embeds` என்ற இடத்தில் `average` தேர்ந்தெடுத்திருந்தேன். மூக்கு மேடு திரும்பவில்லை; அத்துடன் முகமும் பொதுப்படையாக மழுங்கிப் போயிற்று. பல கோணங்கள் கொடுத்தால் சிதைவு குறையும் என்று படித்திருக்கிறேன். எனக்கு ஏன் குறையவில்லை என்பதை, இதே வழியில் சென்றவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

தறியோன்

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. ஐந்து படங்கள் மிகக் குறைவு. நான் முப்பது படங்கள் வரை கொடுத்தேன்; ரெஃபரன்ஸின் வலுவைக் குறிக்கும் வெயிட்டையும் 1.0க்கு உயர்த்தினேன், அடையாளம் நன்றாகப் பிடிபட்டது. வலப்பக்கப் படம் இல்லாதபோது இடப்பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பிச் சேர்த்துக்கொண்டேன். படங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு நல்லது என்பதே என் அனுபவம்.

விளிம்பு

இந்த வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுவது நேர்முகத்துக்கும் முக்கால் திருப்பத்துக்கும் ஓரளவு உதவும். அந்த அளவில் தறியோன் சொல்வது சரி. ஆனால் முழுப் பக்கவாட்டில் தடை வேறிடத்தில் இருக்கிறது.

ஃபேஸ்ஐடி வகை முறைகள் முகத்தை ஒரு முகமறியும் மாடலின் வழியாகச் செலுத்தி 512 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுகின்றன. ஒரே மனிதர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒரே மாதிரியான வரிசை வரவேண்டும் என்பதற்காகவே அந்த மாடல் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கோணத்தைக் கூடியவரை உதறிவிடுவதுதான் அதன் பணி. நீங்கள் ஐந்து கோணங்களைக் கொடுத்தபோது அது "இவர் இன்னார்" என்ற ஒரே செய்தியை ஐந்து முறை பெற்றுக்கொண்டதே தவிர, மூக்கு எவ்வளவு முன்னே நீள்கிறது என்ற செய்தியை அந்த வரிசையில் தனியாக எடுத்துவைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாடலுக்கு அனுப்பும் முன்பு இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய ஐந்து புள்ளிகளைக் கொண்டு முகம் நிமிர்த்தப்பட்டு 112×112 அளவில் வெட்டப்படுகிறது. 90 பாகையில் ஒரு கண்ணும் வாயின் ஓர் ஓரமும் மறைந்துவிடுவதால், அந்தப் புள்ளிகளை ஊகித்து வைக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் முகமே இல்லை என்று விட்டுவிடும். சில நேரம் கோணலாக வெட்டிய துண்டிலிருந்து பழுதான வரிசை ஒன்றைத் தரும். சராசரியில் அந்தப் பழுதான வரிசைக்கும் சம பங்கு கிடைப்பதால் முகம் மழுங்குகிறது. ஒவ்வொரு படத்தையும் தனியாகச் செலுத்தி, முகம் கண்டறியப்படுகிறதா, வெட்டிய துண்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஐந்தில் இரண்டு 90 பாகைப் படங்கள். அவை இரண்டும் ஐயத்துக்குரியவை.

நான் செய்வது, இரண்டு வழிகளைப் பிரித்துவைப்பது. அடையாள வழிக்கு நேர்ப்படமும் இரு 45 பாகைப் படங்களும் மட்டும் போதும்; அவற்றைச் சராசரியாக்கலாம், வெயிட் 0.5 அல்லது 0.6. உருவ வழிக்கு, படத்தை நேரடியாகப் பார்க்கும் இரண்டாவது ஐபி-அடாப்டர் ஒன்றை, அதாவது ஃபேஸ்ஐடி அல்லாததை, தனியாக இணைத்து, கட்டத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தின் 90 பாகைப் படம் ஒன்றை மட்டும் அதற்குக் கொடுக்கிறேன். அது படத்தை 224×224க்குச் சுருக்கியே பார்க்கும். ஆகவே நெற்றி முதல் கழுத்து வரை, காது உட்பட, சதுரம் முழுவதையும் தலையே நிறைக்குமாறு வெட்ட வேண்டும். அறையின் சுவரையும் தோளையும் சேர்த்தால் மூக்கு மேட்டுக்கு ஓரிரு பிக்சல்களே எஞ்சும். படம் உருவாகும் படிகளில் 70 விழுக்காடு முடிந்ததும் அதை நிறுத்திவிடுவேன். இல்லையென்றால் புகைப்படத்தின் வெளிச்சமும் சட்டையும் கதைக்குள் வந்துவிடும். வெளிக்கோடு தொடக்கப் படிகளிலேயே முடிவாகிவிடுவதால், அதே புகைப்படத்திலிருந்து எடுத்த, எது அருகில் எது தொலைவில் என்று காட்டும் ஆழப்படத்தை, வடிவத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்நெட் வழியாக முதல் 40 விழுக்காடு படிகளுக்கு மட்டும் சேர்க்கிறேன்.

பழம்படம்

என் தாத்தாவின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் உள்ளது, நேராக எடுத்தது. அவருடைய பக்கவாட்டு முகத்தை ஒரு நினைவுப் படமாக உருவாக்க விரும்புகிறேன். பல கோணங்கள் வேண்டும் என்பதால், அந்த ஒரு படத்திலிருந்தே 45, 90 பாகைப் படங்களை மென்பொருளால் உருவாக்கி, அவற்றையே ரெஃபரன்ஸாகக் கொடுத்தேன். வருகிற படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன. அப்படியானால் சிதைவு நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

விளிம்பு

மன்னிக்கவும், அப்படிக் கொள்ள முடியாது. மூக்கின் நீளமும் மோவாயின் முன்தள்ளலும் நேர்ப்படத்தில் நிழலின் குறிப்பாக மட்டுமே இருக்கின்றன. முதல் 90 பாகைப் படம் மாடலின் ஊகம். அதை ரெஃபரன்ஸாகக் கொடுத்த பிறகு வருபவை அந்த ஊகத்தின் நகல்கள். அவை ஒன்றோடொன்று பொருந்துவதால் உங்கள் தாத்தாவோடு பொருந்துவதாக ஆகாது. அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர் யாரேனும் இருந்தால், மூக்கையும் மோவாயையும் சற்றே மாற்றிய நான்கைந்து வடிவங்களை அவரிடம் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பழம்படம்

என் பெரியப்பா அவரைப் போலவே இருப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவருடைய பக்கவாட்டுப் படத்தை உருவ வழிக்குக் கொடுக்கலாமா?

மலர்க்கொடி

என் தந்தைக்கு இதைச் செய்திருக்கிறேன், சித்தப்பாவின் படத்தை வைத்து. வந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது சித்தப்பா என்று என் தாயார் சொன்னார். செய்யக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நான் லோரா பயிற்றுவிக்கிறேன், அதாவது ஒரு முகத்தை மாடலுக்குக் கற்பிக்கும் சிறிய இணைப்பை. அதில் கோணங்களின் விகிதம்தான் எனக்குப் பாடம் கற்பித்தது. முதல் முறை 22 படங்கள் வைத்தேன், அவற்றில் 2 மட்டுமே முழுப் பக்கவாட்டு. பக்கவாட்டில் மறுகண் எட்டிப் பார்க்கும் அதே குறை எனக்கும் வந்தது. இரண்டாம் முறையும் 22 படங்களே. ஆனால் நேர் 8, முக்கால் 8, பக்கவாட்டு 6 என்று பிரித்தேன். குறை பெரும்பாலும் மறைந்தது. ஒவ்வொரு படத்தின் விவரிப்பிலும் கோணத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட ஒரு முயற்சியில், நேராகப் பார்க்கச் சொன்ன முகங்களும் சற்றே திரும்பி நின்றன. பயிற்சியின்போது படங்களைக் கண்ணாடிபோல் திருப்பும் `flip_aug` என்பதையும் அணைத்துவிட்டேன், ஏனெனில் என் மாதிரிக்கு இடக்கன்னத்தில் மட்டும் மச்சம் இருக்கிறது. அது இரு பக்கமும் தோன்றத் தொடங்கியிருந்தது.

தறியோன்

மச்சமும் வகிடும் இல்லாத முகத்துக்கு, கண்ணாடிபோல் திருப்புவதில் என்ன தவறு? மூக்கின் வெளிக்கோடு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதானே?

விளிம்பு

வெளிக்கோட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது முகத்தின் நடுக்கோட்டில் அமைவதால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. காதும் தாடையின் கோணமும் பலருக்கு இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆழப்படத்துக்குத் திருப்பிய படத்தைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன்; உருவ வழிக்குப் பயன்படுத்துவதில்லை.

கோட்டோவியம் அவர்களிடம் ஒரு கேள்வி: அந்தப் புகைப்படங்களை எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தீர்கள்?

கோட்டோவியம்

கைபேசியால், கை நீட்டும் தொலைவுக்கும் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 40 சென்டிமீட்டரிலிருந்து எடுத்தேன்.

விளிம்பு

அப்படியானால் ரெஃபரன்ஸே சிதைந்திருக்கிறது. பக்கவாட்டில் படமெடுக்கும்போது காது, முகத்தின் நடுக்கோட்டைவிட ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கேமராவுக்கு அருகில் இருக்கும். நடுக்கோடு 40 சென்டிமீட்டரில் இருந்தால் காது 33இல் இருக்கிறது. ஆகவே மூக்கோடு ஒப்பிடும்போது காது ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும். 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த வேறுபாடு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. நேர்ப்படத்தில் இதற்கு எதிரானது நடக்கிறது: 30 சென்டிமீட்டரிலிருந்து எடுத்த சுயபடத்தில் மூக்கின் அடிப்பகுதி, 1.5 மீட்டரிலிருந்து எடுத்ததைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஒரு மருத்துவ இதழில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரே முகத்தைப் பற்றி ஐந்து படங்களும் ஐந்து வெவ்வேறு அளவுகளைச் சொன்னால், அவற்றைச் சேர்ப்பதில் பயனில்லை. 2 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, கேமராவை அவருடைய கண் உயரத்தில் வைத்து, வாயை மூடிய நிலையில் எல்லாக் கோணங்களையும் ஒரே அமர்வில் எடுங்கள்.

கோட்டோவியம்

நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஐந்து படங்களையும் 2 மீட்டரிலிருந்து மீண்டும் எடுத்தேன். புதிய பக்கவாட்டுப் படத்தில் அளந்தபோது உண்மை விகிதமே 1.05 அல்ல, 1.09 என்று தெரிந்தது. நான் எதனோடு ஒப்பிட்டேனோ அதுவே தவறாக இருந்திருக்கிறது. பழைய 90 பாகைப் படங்களைத் தனியாகச் செலுத்திப் பார்த்தேன்: ஒன்றில் முகம் கண்டறியப்படவில்லை, மற்றொன்றில் வெட்டிய துண்டு காதை மையமாக வைத்துச் சாய்ந்திருந்தது.

இரண்டு வழிகளையும் பிரித்த பிறகு, முதலில் ஆழப்படம் இல்லாமல் ஓட்டினேன்: மூக்கு மேடு திரும்பியது, காது இன்னும் சற்று முன்னே இருந்தது, விகிதம் 0.98. ஆழப்படத்தையும் சேர்த்தபோது 1.07 வந்தது. ஆழப்படத்தை இறுதிப் படிவரை விட்டுப் பார்த்ததில், என் தங்கையின் கூந்தல் முடிச்சு நாயகியின் விரித்த கூந்தலுக்கு அடியில் ஒரு புடைப்பாக நின்றது. 40 விழுக்காட்டில் நிறுத்தியதும் அது மறைந்தது. எண்ணைவிட எனக்கு நம்பிக்கை தந்தது, உருவாக்கிய படத்தைப் பாதி ஒளிபுகும்படி புகைப்படத்தின் மேல் வைத்துப் பார்த்ததுதான். மேடு எங்கே தொடங்குகிறது என்பதை விகிதம் காட்டாது.

7 கட்டங்களில் 5 முடிந்துவிட்டன. ஒன்றில் அவள் குனிந்து கிணற்றுக்குள் பார்க்கிறாள்; அதற்காகக் குனிந்த நிலையில் ஒரு பக்கவாட்டுப் படம் தனியாக எடுக்கப் போகிறேன். மற்றொன்றில் அவள் 90 பாகையையும் தாண்டித் திரும்பியிருக்கிறாள். கன்னத்தின் வளைவும் மூக்கின் நுனியும் மட்டுமே தெரிய வேண்டும். அங்கே அடையாள வழியை முழுவதும் அணைத்தால் கன்னம் வேறொருவருடையதாகிறது. அணைக்காவிட்டால் முகம் கேமராவை நோக்கித் திரும்பிவிடுகிறது. 120 பாகை அளவில் ரெஃபரன்ஸ் எடுத்து வெற்றி கண்டவர்கள் இருந்தால், எந்த வெயிட்டில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

மலர்க்கொடி

என் லோராவிலும் 120 பாகை இன்னும் சரியாக வரவில்லை. அந்தக் கோணத்தில் 4 படங்களைச் சேர்த்து இந்த வாரம் மீண்டும் பயிற்றுவிக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.