சேர்ந்த நஷ்டத்தைப் பங்கு மூலதனத்தில் கழிக்க முடியுமா? ரைஸ் மில், பிரைவேட் லிமிடெட்: உதவி தேவை

மன்னார்குடி மில்காரன்

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு புழுங்கலரிசி ஆலை இருக்கிறது. பிரைவேட் லிமிடெட், பங்குதாரர்கள் எல்லாரும் குடும்பமும் சொந்தபந்தமும்தான். செலுத்திய மூலதனம் 6 கோடி, அதாவது பத்து ரூபாய் பங்கு 60 லட்சம். பங்கின் முகமதிப்புக்கு மேல் வாங்கிய பணம், அதாவது பங்கு பிரீமியம் கணக்கில் 50 லட்சம் கிடக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலில் ஷெட் கூரை, டிரையர், கிடங்கில் இருந்த நெல் எல்லாம் போனது, இன்சூரன்ஸில் பாதிகூட வரவில்லை. அதற்கப்புறம் வட்டி கட்டியே ஓய்ந்தோம். இப்போது சேர்ந்த நஷ்டம் 3.85 கோடி.

கொஞ்ச காலமாக லாபம் வருகிறது, போன வருஷம் 35 லட்சம். ஆனால் டிவிடெண்ட் கொடுக்கலாமா என்று கேட்டால், பழைய நஷ்டம் தீராமல் முடியாது என்று ஆடிட்டர் கையை விரிக்கிறார். சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறார், ஒரு கோடி போடத் தயார், ஆனால் "உங்க பத்து ரூபா பங்கு நாலு ரூபாதான் பெறும், அந்த விலைக்குக் கொடுங்க" என்கிறார். மூலதனத்தைக் குறைத்து நஷ்டத்தை அதில் கழித்துவிட்டால் பேலன்ஸ் ஷீட் சுத்தமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். இதை எப்படிச் செய்வது? ஆடிட்டர் ஒரு என்ட்ரி போட்டால் போதுமா?

குடந்தை பாத்திரக்கடை

நாங்கள் போன வருஷம் இதைச் செய்தோம், அரை மணி நேர வேலை. மூன்று பார்ட்னர், நஷ்டத்தைப் பங்கு விகிதத்தில் அவரவர் கேபிடல் கணக்கில் பற்று வைத்தோம், டேலியில் ஒரு ஜர்னல் என்ட்ரி, முடிந்தது. எதற்கு இத்தனை யோசனை?

திருவாரூர் கணக்கு

பாத்திரக்கடை அண்ணே, உங்களுடையது கூட்டு வணிகம். அவருடையது கம்பெனி, அந்தக் கதை இங்கே ஓடாது.

மில்காரரே, முதலில் பிரீமியத்தில் உள்ள 50 லட்சத்தை எடுத்து நஷ்டத்தில் கழியுங்கள். அது பங்கு மூலதனம் இல்லை, அதனால் போர்டு தீர்மானமே போதும். மீதிக்கு மட்டும் சிறப்புத் தீர்மானம் போட்டு, கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயமான என்சிஎல்டிக்குப் போக வேண்டும். முடிந்ததும் உங்கள் நெட் வொர்த் ஏறிவிடும், பேங்கில் லிமிட்டைக் கூட்டிக் கேட்கலாம்.

மாயவரம் சிஎஸ்

திருவாரூர் சார் சொன்னதில் பாதி சரி. பிரீமியத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்பது சரிதான். ஆனால் கம்பெனிகள் சட்டம் 52ஆவது பிரிவு, பிரீமியத்தை அதில் சொன்ன காரியங்களைத் தவிர வேறு எதற்கு எடுத்தாலும் அதைச் செலுத்திய மூலதனம் மாதிரியே பார்க்கச் சொல்கிறது. நஷ்டம் கழிப்பது அந்தக் காரியங்களில் இல்லை. ஆகவே 50 லட்சமும் 66ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுவிடுங்கள்.

நெட் வொர்த் ஏறும் என்பது தவறு. மூலதனத்தில் குறைவதும் நஷ்டத்தில் குறைவதும் ஒரே தொகை, காசு உள்ளே வரவில்லை, வெளியே போகவும் இல்லை. பேங்க்காரர் முன்னாலும் இதே கணக்கைத்தான் போட்டார், பின்னாலும் அதையேதான் போடுவார். இதைக் காட்டி லிமிட் கேட்டால் சிரிப்பார்.

உங்களுக்கு இதனால் உண்மையில் கிடைப்பது இரண்டு. பழைய நஷ்டம் போனால் அடுத்து வரும் லாபத்தில் டிவிடெண்ட் பேசலாம். அதைவிடப் பெரியது திருப்பூரில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன், அந்தத் தம்பி விஷயம். 53ஆவது பிரிவு முகமதிப்புக்குக் கீழே பங்கு வெளியிட விடாது. பத்து ரூபாய் பங்கை அவருக்கு நாலு ரூபாய்க்குக் கொடுத்தால் அந்த வெளியீடே செல்லாது. அவரோ பத்து தர மாட்டார். முகமதிப்பைக் குறைத்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

மனுவுக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அந்த 3.85 கோடிதான் முழு நஷ்டமா? சொத்துப் பக்கத்தில் வராத பாக்கி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா?

மன்னார்குடி மில்காரன்

மேடம், இருக்கிறது. கேரளாவில் இரண்டு அரிசி வியாபாரிகள் 25 லட்சம் தர வேண்டும். ஒருவர் கடையையே மூடிவிட்டார், இன்னொருவர் போன் எடுப்பதில்லை. வருஷா வருஷம் "வர வேண்டியது" என்றே காட்டிக்கொண்டு வருகிறோம்.

மாயவரம் சிஎஸ்

அதை முதலில் வாராக்கடனாக எழுதித் தள்ளுங்கள். ஒருமுறைதான் தீர்ப்பாயம் போகப் போகிறீர்கள், அடுத்த வருஷம் மறுபடி 25 லட்சம் நஷ்டம் முளைத்தால் செலவழித்ததற்கு அர்த்தமில்லை. எழுதினால் நஷ்டம் 4.10 கோடி. இதில் 50 லட்சம் பிரீமியத்தில் கழியும், மீதி 3.60 கோடி மூலதனத்தில். 6 கோடியில் 3.60 போனால் 2.40 கோடி. 60 லட்சம் பங்கு அப்படியே இருக்க, முகமதிப்பு பத்திலிருந்து நாலாகிறது. உங்கள் தம்பி கணக்கில் புலிதான்.

சிலர் முகமதிப்பைத் தொடாமல் 36 லட்சம் பங்கை ரத்து செய்து 24 லட்சத்தைப் பத்து ரூபாயிலேயே வைப்பார்கள். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 1,001 பங்கு வைத்திருக்கும் அத்தைக்கு 400.4 பங்கு என்று வரும், அந்தத் துண்டுப் பங்குக்கு யார் பதில் சொல்வது? குடும்பக் கம்பெனியில் முகமதிப்பைக் குறைப்பதே நிம்மதி. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்பதால் யார் கை ஓங்கியது என்ற பேச்சும் வராது.

ஆனால் நாலு ரூபாய் என்பது புத்தக மதிப்பு மட்டும்தான். மில் நிலம் வாங்கின விலையில்தானே புத்தகத்தில் நிற்கிறது? புதிய பங்கு வெளியிடும்போது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் விலை நாலைத் தாண்டலாம். அதை இப்போதே தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

இனி கடன் பட்டியலுக்கு வருவோம். யாருக்கெல்லாம் பணம் தர வேண்டும்?

மன்னார்குடி மில்காரன்

பேங்க் டெர்ம் லோனும் கேஷ் கிரெடிட்டும் ஒழுங்காகப் போகிறது. சாக்கு, உதிரிபாகக் கடைக்காரர்கள் கொஞ்சம். அப்புறம் நெல் போட்ட விவசாயிகள். சம்பா அறுவடையில் நெல் கொடுத்துவிட்டு, "பணம் உங்ககிட்டயே இருக்கட்டும், பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கிக்கிறேன்" என்று விட்டுவிடுவார்கள். அப்பா காலத்திலிருந்தே இது வழக்கம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி கொடுக்கிறோம். மொத்தம் 40 லட்சம் இருக்கும். பேலன்ஸ் ஷீட்டில் நெல் கொள்முதல் பாக்கி என்றே காட்டுகிறோம்.

மாயவரம் சிஎஸ்

உங்கள் மனு கவிழ்ந்தால் இங்கேதான் கவிழும். நெல்லுக்கான பணம் வழக்கமான தவணைக்குள் பாக்கி நின்றால் அது வியாபாரக் கடன். வட்டி போட்டு வருஷக்கணக்கில் உங்களிடமே இருந்தால் அதை டெபாசிட் என்று சொல்ல முழு இடம் உண்டு. பிரைவேட் கம்பெனி வெளி ஆட்களிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. போதாக்குறைக்கு, டெபாசிட்டோ அதன் வட்டியோ திருப்பித் தராமல் பாக்கி இருந்தால் மூலதனக் குறைப்பே கிடையாது என்று 66ஆவது பிரிவே சொல்கிறது. பாக்கி இல்லை என்று ஆடிட்டர் சான்றும் இயக்குநர் உறுதிமொழியும் மனுவோடு கேட்பார்கள். உங்கள் ஆடிட்டர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாரா?

முதலில் அந்தப் பணத்தைத் தீர்த்துவிடுங்கள். மில் பேரிலிருந்து உங்கள் சொந்தப் பேருக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது இன்னொரு வம்பு.

நாகை எண்ணெய் ஆலை

மேடம் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. நாங்கள் இந்த வழியில் போய் வந்தவர்கள். மனு ஏற்றதும் தமிழ்ப் பேப்பரிலும் இங்கிலீஷ் பேப்பரிலும் விளம்பரம் போடச் சொன்னார்கள். "பங்கு மூலதனத்தைக் குறைக்க மனு, ஆட்சேபணை உள்ள கடன்கொடுத்தவர்கள் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கலாம்" என்று வந்தது. அன்றைக்குக் காலையிலேயே டீக்கடையில் அதைப் படித்துவிட்டு எங்களுக்கு நிலக்கடலை போடுகிற ஆள் ஒருவர் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். "மூலதனத்தைக் குறைக்கிறீங்கன்னா கம்பெனியை மூடறீங்கன்னுதானே அர்த்தம், என் பணத்தைக் குடுங்க." மத்தியானத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர். கையில் ரொக்கம் இருந்ததால் தப்பித்தோம். விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே ஊரில் பேசிவிடுங்கள்.

மன்னார்குடி மில்காரன்

சரி, அறுவடை முடிந்து அரிசி விற்ற காசில் முதல் வேலை அதுதான். பேங்க்கும் ஆட்சேபிக்குமா?

மாயவரம் சிஎஸ்

உங்கள் சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்கள், பேங்கின் எழுத்து அனுமதி இல்லாமல் மூலதன அமைப்பை மாற்றக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்தக் கடிதத்தைத் தீர்மானம் போடுவதற்கு முன்னாலேயே வாங்குங்கள், வட்டார அலுவலகத்துக்குப் போய் வர நாளாகும். எல்லாக் கடன்காரரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் நோட்டீஸையும் விளம்பரத்தையும் தவிர்க்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்க விதியில் இடம் இருக்கிறது. உங்கள் பட்டியல் சின்னது என்பதால் முயலலாம், கொடுப்பது அவர்கள் இஷ்டம்.

சிறப்புத் தீர்மானத்துக்குப் பொதுக்குழுவில் எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். தீர்மானத்தை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளர் அலுவலகமான ஆர்ஓசியில் பதியுங்கள். அப்புறம் சென்னை அமர்வில் மனு. கடன் பட்டியல் மனு போடும் நாளுக்கு 15 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கணக்கு வைக்கும் முறை கணக்கியல் தரநிலைப்படி இருக்கிறது என்று ஆடிட்டர் தனியே ஒரு சான்று தர வேண்டும், அது இல்லாமல் உத்தரவே வராது. உத்தரவின் நகல் கைக்கு வந்து 30 நாளுக்குள் ஆர்ஓசியில் கொடுத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முன் புத்தகத்தில் என்ட்ரி போடாதீர்கள்.

மன்னார்குடி மில்காரன்

இடையில் ஒரு வருஷம் ஓடி 35 லட்சம் லாபம் வந்துவிட்டால்? நஷ்டம் 3.75 ஆகியிருக்குமே, நாம் 4.10 கழிக்கக் கேட்டிருப்போம்.

மாயவரம் சிஎஸ்

நல்ல கேள்வி. தீர்மானத்திலேயே "இந்தத் தேதியின் தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட்டில் உள்ள நஷ்டம்" என்று தேதியைக் கட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிந்தைய லாபம் தனியே நிற்கும் என்பதையும் எழுதுங்கள். தேதி இல்லாமல் தொகை மட்டும் எழுதினால், உபரி 35 லட்சம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று கேள்வி வரும், ஆர்ஓசி அறிக்கையிலேயே கேட்பார்கள்.

திருவாரூர் கணக்கு

பிரீமியம் விஷயம் புரிந்தது, நன்றி மேடம். ஒரு சந்தேகம். புத்தகத்தில் நஷ்டத்தைத் துடைத்துவிட்டால் வருமான வரியில் எட்டு வருஷம் கொண்டுபோகிற நஷ்டமும் போய்விடாதா?

மாயவரம் சிஎஸ்

போகாது. வரிக் கணக்கு நஷ்டம் ரிட்டர்னில் இருப்பது, புத்தக என்ட்ரி அதைத் தொடாது. எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைவதால் பங்குரிமையும் மாறவில்லை. புதிதாக வரும் தம்பியின் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டினால்தான் பழைய வரி நஷ்டத்தைக் கொண்டுபோக முடியாத சிக்கல் வரும். ஒரு கோடிக்கு நாலு ரூபாய் வீதம் 25 லட்சம் பங்கு, மொத்தம் 85 லட்சத்தில் அது மூன்றில் ஒன்றுகூட இல்லை.

புத்தக லாபத்தின் மேல் போடும் குறைந்தபட்ச வரியான மேட் வரிதான் தொல்லை. அதில் பழைய புத்தக நஷ்டத்தையோ கழியாமல் நிற்கும் புத்தகத் தேய்மானத்தையோ, எது குறைவோ அதைக் கழிக்க விடுகிறார்கள். புத்தகத்தில் நஷ்டமே இல்லை என்று ஆக்கிவிட்டால் எதைக் கழிப்பீர்கள் என்று துறை கேட்கும். தீர்ப்பாய உத்தரவால் காணாமல் போன நஷ்டம் உண்மையில் லாபத்தில் தீர்ந்ததல்ல என்று வாதாடியவர்கள் உண்டு, நான் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல மாட்டேன். மில்காரரே, 22 சதவீத வருமான வரித் திட்டத்துக்கு மாறிவிட்டீர்களா? மாறியிருந்தால் மேட்டே கிடையாது.

மன்னார்குடி மில்காரன்

மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன், பழைய தேய்மானம் நிறைய இருந்ததால் ஆடிட்டர் வேண்டாம் என்றார். திங்கட்கிழமை அவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

குடந்தை பாத்திரக்கடை

எங்கள் கடையையும் பிரைவேட் லிமிடெட் ஆக்கலாம் என்று பையன் நச்சரிக்கிறான். இந்த இழையை அவனுக்கு அனுப்புகிறேன்.