புதுப்பிப்பு: குறும்படப் பாடலின் உரிமை

என் முந்தைய கேள்வி: "இசையமைத்தவரிடம் எழுத்தில் எதுவும் வாங்காமல் படத்தை விழாவுக்கு அனுப்பலாமா?"

அனுப்பவில்லை. எல்லாம் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று ஒரு அண்ணன் அதற்கு எழுதிய பதில் பாதிதான் சரி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருடையது என்றாலும், படத்திலிருந்து பிரித்துப் பயன்படுத்தக்கூடிய பாடலின் உரிமை அதை ஆக்கியவரிடமே நிற்கும் என்று மட்டக்களப்பிலுள்ள சட்டத்தரணி அக்கா விளக்கினார்.

நேற்றுக் கல்லடியில் இசையமைத்தவரும் நானும் ஒரே தாளில், முன்திகதி இடாமல், ஒப்பமிட்டோம். படத்தோடு சேர்த்து எந்த நாட்டிலும் எந்த ஊடகத்திலும் பாடலைக் காட்டலாம். தனிப்பாடலாக வெளியிடும் உரிமை அவருக்கே. புல்லாங்குழல் வாசித்தவர் கட்டாரில் இருக்கிறார். அவருடைய ஒப்பம் இன்னும் வரவில்லை.