ஆட்டெலும்பு சூப்பில் சாம்பல் நுரை: குக்கரில் என்ன செய்கிறீர்கள்?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும் ஆட்டெலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால், கொதி வருவதற்குச் சற்று முன் சாம்பல் நுரை திரளும். அது அழுக்கில்லை. இறைச்சிச் சாற்றில் கரைந்த புரதம் சூட்டில் உறைந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறது. சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை. குழம்பில் மசாலாவோடு தெரியவே தெரியாது. தெளிவான சூப்புக்குத்தான் சிக்கல்: தளதளவென்று கொதித்தால் நுரை பொடிந்து கொழுப்போடு கலந்து கலங்கிவிடும், பிறகு கரண்டியில் வராது. அதனால் தீயைக் குறைத்து, நுரை வெள்ளையாகும்வரை வழித்தெடுத்த பிறகே மிளகு, பட்டை போடுகிறேன்.

பிரஷர் குக்கரில் மூடியபின் வழிக்க முடியாதே! திறந்துவைத்து வழித்துவிட்டு மூடுகிறீர்களா, இல்லை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறீர்களா? கொட்டினால் சுவை எவ்வளவு குறைகிறது? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.